தனித்திறன் இல்லை என்பவர் தொழில் தேடும் முறை: பூட்டிய வீடுகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தொழில் தொடங்க நினைக்கும் பலர் முதலில் ஒரு தாளை எடுத்துத் தமக்கு என்னென்ன வேலை தெரியும் என்று எழுதிப் பார்க்கிறார்கள். தையல் தெரியாது, சமையல் வீட்டளவில்தான், கணினி ஓரளவு, இருசக்கர வண்டி ஓட்டத் தெரியும் என்று நான்கு வரிகளில் அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதும், ஒப்புக்கொண்ட வேலையை யாரும் பார்க்காதபோதும் குறையில்லாமல் செய்வதும், பிறர் பொருளைத் தொடாமல் இருப்பதும் அதில் இடம்பெறுவதில்லை. அவை குணம் என்றுதான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவற்றுக்கும் கூலி உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

கும்பகோணத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடையில் வேலை நேரம் பாதியாகச் சுருங்கியபோது, காலை 7 மணியிலிருந்து 10 மணிவரை எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. அந்த மூன்று மணி நேரத்தைக் கொண்டு இப்போது பன்னிரண்டு பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இந்த வேலையை எப்படிக் கண்டடைந்தேன், எப்படிச் செய்கிறேன், எங்கே தவறு நேர்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் பூட்டிய வீடுகள் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் தேடும் முறை இதுவேதான்.

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

"எனக்கு என்ன தெரியும்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஆள் வராத காரணத்தால் எங்கே என்ன கெட்டுப்போகிறது" என்று கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் உங்கள் தெருக்களில் நடந்துபாருங்கள். சிறிய குறிப்பேடு ஒன்று போதும். முதியவர் ஒருவர் மருந்துக்கடைக்கு அனுப்ப ஆள் இல்லாமல் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்திருப்பார். வாடகைக்குவிட்ட கடையின் மேல்மாடியில் தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். மாடு வைத்திருப்பவர் உறவினர் திருமணத்துக்குப் போக முடியாமல் தவிப்பார். இவற்றைச் சரிசெய்யப் பெரிய அறிவு எதுவும் வேண்டியதில்லை, ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் போதும்.

என் குறிப்பேட்டில் அப்படி ஏழு வேலைகள் சேர்ந்தன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை என் நேரத்தின் வடிவமே முடிவுசெய்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஓய்வு நேரம் இருக்கிறது என்றால் எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது எந்த மணி நேரம், தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பதில்லை. முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேலைக்கு எங்கள் ஊரில் தேவை அதிகம். ஆனால் மருத்துவர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. பத்து மணிக்குக் கடையில் இருக்க வேண்டிய நான் ஒன்பதே முக்காலுக்கு ஒரு முதியவரை வரிசையில் விட்டுவிட்டு எழுந்து வர முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதற்கு உரிமமும் தகுந்த வாகனமும் வேண்டும். பூட்டிய வீட்டுக்கோ செவ்வாய்க்கிழமை போனாலும் புதன்கிழமை போனாலும் ஒன்றுதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போனால் போதும். உங்கள் நேரம் மாலையாக இருந்தால், அல்லது ஞாயிறு முழுவதுமாக இருந்தால், உங்கள் பட்டியலிலிருந்து வேறொன்று மேலே வரும்.

இரண்டாம் படி: நடந்து எண்ணுங்கள்

ஒரு வேலை தேவைப்படும்போல் தெரிவதற்கும், அதற்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் போதிய எண்ணிக்கையில் இருப்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாலையில் நடந்தே எண்ணுங்கள். கேட்டில் செருகிய விளம்பரத் தாள்கள் மழையில் நனைந்து காய்ந்து ஒட்டியிருப்பது, வாசலில் கோலம் போட்ட சுவடே இல்லாதது, பூட்டின் துவாரத்தில் தூசி அடைந்திருப்பது, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருப்பது ஆகியவை அடையாளங்கள். பால்காரரும் இஸ்திரி போடுபவரும் மற்றதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்பது தெருக்களில் எனக்கு 31 பூட்டிய வீடுகள் கிடைத்தன. அவற்றில் 14 வீடுகளை உறவினர் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். 6 வீடுகள் பங்காளி வழக்கில் இருந்தன; அவற்றின் பக்கம் போகவே கூடாது. ஒரு பங்காளி சாவி கொடுத்து இன்னொரு பங்காளி காவல் நிலையத்துக்குப் போனால், நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எஞ்சியவை 11. நான் இந்த வேலையில் இறங்க அந்த எண்ணிக்கையே போதுமானதாக இருந்தது. ஐந்துக்கும் கீழே வந்திருந்தால் குறிப்பேட்டின் அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகளின் முகவரிப் பட்டியல் திருடனுக்கு மிகவும் பயன்படக்கூடியது. அதை முழுமையாக எழுதிவைக்காதீர்கள், கைப்பேசியில் வீடுகளைப் படம் எடுக்காதீர்கள், தெருவுக்கு எத்தனை என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் நடக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அறியாத ஒருவர் பூட்டிய வீடுகளை நோட்டமிடுவதைப் பார்த்தால் தெருவில் உள்ளவர்கள் சந்தேகப்படுவது நியாயமே. அப்படிச் சந்தேகப்படும் தெருவில்தான் நாளைக்கு உங்களை நம்பிச் சாவி கொடுப்பார்கள்.

மூன்றாம் படி: வீட்டுக்காரர் எதை இழக்கிறார் என்று கேளுங்கள்

அண்டை வீட்டாரிடம் வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை பேசும்போது சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பு அவர் பக்கத்திலிருந்து வர வேண்டும். வருவதற்கு ஒரு மாதம்கூட ஆகலாம்.

எனக்கு முதலில் அழைத்தவர் மஸ்கட்டில் மகனுடன் இருக்கும் ஓர் அம்மா. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "ஆள் இருக்கு தம்பி. மாசம் ஐநூறு ரூபா போகுது. ஆனா அவர் உள்ள போய்ப் பாத்தாரா, வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தொழில் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போய்வருவதற்கு அவர் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். போய்வந்ததற்கான சான்றுதான் அவருக்குக் கிடைக்கவில்லை. நம்பகமானவர் என்று நம்மைப் பற்றி நாமே சொல்வது யாருக்கும் பயன்படாது. அதை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் தம் கண்ணால் பார்க்கும்படி செய்தால்தான் அது விற்கக்கூடிய பொருளாகிறது. நீங்கள் வேறு எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த உரையாடலைத் தவிர்க்காதீர்கள். "இப்போது யார் செய்கிறார், அதில் உங்களுக்கு எது குறை" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

நான்காம் படி: சாவியை வாங்கும் நாள்

முதல் வீடு உங்களை ஏற்கெனவே அறிந்தவருடையதாக இருப்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். இருவருக்குமே விலகிக்கொள்ள வழி இருக்கும்.

சாவியை வாங்கும் அன்றே வீட்டுக்காரர் நேரிலோ காணொளி அழைப்பிலோ இருக்க, வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்து, உள்ள நிலையைப் பதிவு செய்ய வேண்டும். முன்பே விரிசல் விட்ட கண்ணாடி, கறைபட்ட சுவர், ஓடாத மின்விசிறி என எல்லாம் அதில் வர வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து எந்தக் குறை எப்போது வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. நகையும் பத்திரங்களும் வீட்டில் இல்லை என்று வீட்டுக்காரர் எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். வங்கிப் பெட்டகத்துக்கு எடுத்துச் செல்ல முடியாத பொருள்கள் இருந்தால், அவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, அந்த அறையின் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பீரோ சாவியை நம்பிக்கையின் பேரில் நீட்டுவார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள்.

சாவிக்கொத்தில் முகவரியோ பெயரோ எழுதக் கூடாது. என் சாவிகளில் எண்கள் மட்டும் உண்டு. எந்த எண் எந்த வீடு என்பது வேறொரு இடத்தில் இருக்கிறது. வண்டியில் போகும்போது அன்றைக்குப் பார்க்கும் வீடுகளின் சாவிகளை மட்டும் எடுத்துச் செல்கிறேன். எத்தனை சாவி பெற்றுக்கொண்டீர்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதி, இருவரும் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தம் வீடு நெடுநாள் பூட்டியிருக்கும் என்ற தகவலைப் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, வந்துபோகும் ஆள் நீங்கள்தான் என்பதையும் சொல்லிவிட்டால் மிகவும் நல்லது.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் என்ன செய்வது

பூட்டிய வீட்டைத் திறந்து சன்னல்களைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதைத்தான் பலர் பார்த்துக்கொள்வது என்கிறார்கள். வீடு கெடுவது தண்ணீராலும் பூச்சியாலும் செடியாலும். அவை இருக்கும் இடங்களுக்கு நாம் போக வேண்டும்.

நான் எப்போதும் மின்மீட்டரில் தொடங்குகிறேன். பூட்டிய வீட்டில் அந்த எண் ஏறக்குறைய அசையக் கூடாது. வெளிவிளக்கும் இன்வெர்டரும் எவ்வளவு எடுக்கும் என்பது முதல் ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். அதைத் தாண்டி ஏறினால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது வெளியே யாரோ கம்பி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிறிய கசிவு பில்லில் தெரியாமலே போய்விடும். ஆகவே பில்லை நம்பாமல் மீட்டரையே பார்க்க வேண்டும்.

அடுத்து மொட்டைமாடி. அங்கே தண்ணீர் வெளியேறும் துவாரங்களில் சருகும் காகிதமும் அடைத்துக்கொள்ளும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இவற்றை ஒருமுறை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு, டிசம்பர் முடியும்வரை ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அடைத்த துவாரம் ஒன்றால் மாடியில் ஓர் அங்குலத் தண்ணீர் இரண்டு நாள் நின்றால், அது கீழ் அறையின் கூரையில் ஈரவட்டமாக இறங்கும். அரசும் ஆலும் முளைத்திருந்தால் இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். ஒரு வருடம் விட்டால் வேர் காரைக்குள் இறங்கிச் சுவரைப் பிளக்கும், பிறகு கொத்தனார்தான் வர வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியும் தரைத்தொட்டியும் கொசு புகாதபடி மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, நம் வெப்பத்தில் ஒன்றரை வாரத்துக்குள் பறக்கத் தொடங்கிவிடுகிறது. மாடியில் கிடக்கும் பழைய பூத்தொட்டித் தட்டே அதற்குப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற இடைவெளி மழைக்காலத்தில் இதற்குப் போதாது என்பதால், தண்ணீர் தேங்கக்கூடிய பொருள் எதையும் மாடியில் கவிழ்க்காமல் விட்டுவரக் கூடாது.

வீட்டுக்குள் குளியலறைத் தரைத்துவாரங்களில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் துவாரத்துக்குக் கீழே வளைவில் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுத்துவைத்திருக்கிறது; வீடு பூட்டியிருந்தால் அது வற்றிவிடும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் அடிக்கும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கரையானைப் பற்றி எனக்கு ஒரு தச்சர் சொல்லிக்கொடுத்தது மிகவும் உதவியது. நிலைப்படிக்குப் பக்கத்திலும் பரணிலும் மண்கோடு தெரிந்தால் அதை முழுதாகத் துடைத்துவிடாமல், நடுவில் விரலளவு மட்டும் உடைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அந்த உடைப்பு மூடப்பட்டிருந்தால் கரையான் உயிரோடு வேலை செய்கிறது. மருந்து அடிப்பவரை அழைக்கலாம். உடைத்தபடியே இருந்தால் பழைய கோடாக இருக்கலாம், இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முழுதாகத் துடைத்தவருக்கு இந்தத் தகவல் கிடைப்பதில்லை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓட்டுவதும், இன்வெர்டர் பேட்டரியில் தண்ணீரின் அளவைப் பார்ப்பதும் எஞ்சியவை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாமா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். இன்வெர்டரை அணைக்காமல் மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரி வற்றிக் கெட்டுவிடும். இரண்டையும் முறையாகத் துண்டிப்பது, அல்லது இரண்டையும் ஓடவிட்டு மீட்டரைக் கவனிப்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறது.

மீட்டர் காட்டிக்கொடுத்த ஒரு கசிவு

மஸ்கட் அம்மாவின் வீட்டில் இரண்டு வாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஏறியதில்லை. ஓர் ஆகஸ்ட் மாதம் 38 யூனிட் ஏறியிருந்தது. வீட்டில் குளிர்பெட்டி அணைந்திருந்தது, விளக்கு எதுவும் எரியவில்லை. கம்பி இழுத்த அடையாளமும் இல்லை. காரணம் தெரியாமல் கதவைப் பூட்டக் கூடாது என்று தீர்மானித்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

அந்த வீட்டில் மேல்நிலைத் தொட்டி குறைந்தால் மோட்டாரைத் தானே இயக்கும் கருவி உண்டு. யாரும் இல்லாத வீட்டில் தொட்டி ஏன் குறைய வேண்டும்? குழாய்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. மாடிக் கழிப்பறையில் பீங்கானின் உட்புறம் மட்டும் தண்ணீர் படலமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிளஷ் டேங்க்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, தண்ணீர் ஓசையில்லாமல் இறங்கி, தொட்டி வற்ற, மோட்டார் நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஓடியிருக்கிறது. மின்சாரம் பெரிய இழப்பு இல்லை. தொட்டியைத் திரும்பத் திரும்ப நிரப்பிய அந்த மோட்டார், கோடையில் கிணறு வற்றியிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்துபோயிருக்கும்.

நான் செய்தது ஒன்றுதான். ஃபிளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, மீட்டரின் படம், பீங்கானின் படம், மூடிய வால்வின் படம் என மூன்றையும் அனுப்பினேன். வாஷரை மாற்ற எனக்குத் தெரியாது, முயலவும் இல்லை. அம்மா சொன்ன பிளம்பர் இரண்டு நாள் கழித்து வந்தபோது பக்கத்தில் நின்று, அவர் கேட்ட தொகையை அம்மாவிடம் சொன்னேன்; அம்மாவே நேராக அவருக்கு அனுப்பினார். பழுதைச் சரிசெய்த திறமை பிளம்பருடையது. கசிவைக் கண்டுபிடித்ததற்கு, போன முறை எண்ணைக் குறித்துவைத்திருந்ததும் இருபது நிமிடம் பொறுத்திருந்ததுமே காரணம்.

ஆறாம் படி: சான்று அனுப்புவது

ஒவ்வொரு முறையும் அதே இடங்களை, அதே வரிசையில், அதே கோணத்தில் படம் எடுங்கள். மீட்டர், மாடித் துவாரம், தொட்டி மூடி, ஒவ்வோர் அறையின் கூரை, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் என என் வரிசை பதினொரு படங்கள் கொண்டது. அழகான படம் தேவையில்லை. போன முறைப் படத்தோடு வைத்துப் பார்க்கும்போது மாற்றம் தெரிய வேண்டும். படங்களோடு மூன்று வரிகள் எழுதுகிறேன்: என்ன பார்த்தேன், என்ன செய்தேன், வீட்டுக்காரர் எதை முடிவு செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் இதை விடக் கூடாது.

ஒருமுறை காய்ச்சலால் ஒரு வீட்டுக்குப் போக முடியவில்லை. நான்கு நாள் கழித்துப் போய்விட்டு, ஏற்கெனவே போனதுபோல் காட்டிக்கொள்ள வழி இருந்தது; படத்தில் தேதி இருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வர முடியாது என்பதை அன்று காலையிலேயே எழுதி, மாற்று நாளையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குறைப்படவில்லை. தவறிய நாளை மறைப்பவர், கசிவையும் மறைப்பார் என்றுதான் எவரும் முடிவுகட்டுவார்கள். நாம் விற்பது சான்று என்பதால், பொய்யான ஒரு சான்றோடு தொழிலே முடிந்துவிடும்.

ஏழாம் படி: எவ்வளவு கேட்பது

நான் ஒரு வீட்டுக்கு மாதம் 900 ரூபாய் வாங்குகிறேன். அதில் இரண்டு முறை போவது அடங்கும். பிளம்பர், எலக்ட்ரீசியன் வரும்போது உடனிருக்க வேண்டுமானால் மணிக்கு 200 ரூபாய் தனி. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும்போது நினைவூட்டுவதற்குப் பணம் வாங்குவதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் ஊக்கத்தள்ளுபடி உண்டு என்பதைத் தொலைவில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள், ஒரு வரிச் செய்தி அவர்களுக்கு மிகவும் உதவுகிறது.

பன்னிரண்டு வீட்டுக்கு மாதம் 10,800 ரூபாய் வருகிறது. பெட்ரோல், கைப்பேசிக் கட்டணம், துடைப்பம் முதலியவற்றுக்கு ஏறத்தாழ 1,700 போக 9,100 நிற்கிறது. பார்வைக்கு 18 மணி நேரம், வழிப்போக்குக்கு 6, படம் அனுப்பவும் பேசவும் 6 என மாதம் 30 மணி நேரம் செலவாகிறது. மணிக்கு 300 ரூபாய் என்பது எங்கள் ஊரில் நல்ல கூலிதான். ஆனால் மொத்தத் தொகையைக் கவனியுங்கள்: இது ஒரு குடும்பத்தை நடத்தும் வருமானம் அன்று, அரைச் சம்பளத்துக்குத் துணை. பன்னிரண்டுக்கு மேல் போனால் என்னால் கவனமாகப் பார்க்க முடியாது. பதினைந்தாவது வீட்டை ஏற்றுக்கொண்ட மாதத்தில் மாடிக்கு ஏறாமல் இரண்டு வீடுகளிலிருந்து திரும்பியதை உணர்ந்து மூன்று வீடுகளை விட்டுவிட்டேன்.

இந்த அளவிலான வருமானத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம்; பின்னால் வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் தொடங்க அது உதவும். கட்டணம் கேட்டு யாராவது அதைச் செய்துதர முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

ஏற்கக் கூடாதவை

நம்பிக்கை வளர வளர வீட்டுக்காரர் வேறு வேலைகளையும் தருவார். வாடகைக்கு ஆள் பார், வாடகையை வாங்கி வை, வீட்டை விற்றுக் கொடு, பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று பேச்சு நீளும். பிறருடைய பெருந்தொகை உங்கள் கணக்கு வழியாகப் போகும் எந்த வேலையையும் ஏற்காதீர்கள். பிளம்பருக்கோ வரிக்கோ வீட்டுக்காரரே நேராகச் செலுத்தட்டும்.

"பாதுகாப்பு" என்ற சொல்லை உங்கள் அட்டையிலும் பேச்சிலும் பயன்படுத்த வேண்டாம். காவலாட்களை அமர்த்திக் கொடுக்கும் தொழிலுக்கு 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைவிட முக்கியமாக, திருட்டைத் தடுப்பேன் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருபவர் சொல்ல முடியாது. பூட்டு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே நுழையாமல், எதையும் தொடாமல், தெருவில் ஒருவரை உடன் நிறுத்திக்கொண்டு காவல் நிலையத்துக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்வதுதான் உங்கள் கடமை. இதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வேறொருவரை உங்களுக்குப் பதிலாக அனுப்புவதும் கூடாது. அவசரம் என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலோடு மட்டும், போகிறவரின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். சாவி உங்களை நம்பிக் கொடுக்கப்பட்டது, உங்கள் தம்பியை நம்பி அன்று.

வேலையை விடும்போது

வீட்டுக்காரர் திரும்பி வரலாம், வீடு விற்கப்படலாம், அல்லது உங்களுக்கே முழுநேர வேலை கிடைக்கலாம். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். கடைசி நாளில் சாவி வாங்கிய அன்று செய்ததுபோலவே காணொளியில் வீட்டைச் சுற்றிக் காட்டி, மீட்டர் எண்ணைக் குறித்து, சாவிகளை எண்ணி, வீட்டுக்காரர் சொல்லும் ஆளிடம் கொடுத்து, அவர் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். கைப்பேசியில் உள்ள அந்த வீட்டின் படங்களை வீட்டுக்காரருக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். கொடுத்த நாளுக்கு மறுவாரம் அவரே பூட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மஸ்கட் அம்மா ஊருக்கே திரும்பி வந்தபோது நான் அப்படிச் சொன்னதும், "உங்ககிட்ட இருந்த சாவிக்கு எதுக்குத் தம்பி பூட்டு மாத்தணும்" என்றார். மாற்றத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி, பூட்டுக்கடைக்காரரை நானே அழைத்துச் சென்றேன். அந்தத் தெருவிலிருந்து அடுத்த மாதம் இரண்டு வீட்டுச் சாவிகள் வந்தன.